பத்து மணிக்குப் போய்விடும் வயிற்றுவலி

காலை ஆறரை மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிற பிள்ளை, பத்து மணிக்கு எழுந்து வந்து இரண்டு தோசை கேட்டால், வீட்டில் பெரியவர்கள் வாயில் வரும் முதல் சொல் ‘நடிப்பு’. மருத்துவரிடம் போய் சிறுநீர்ப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் எல்லாம் எடுத்து, ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் அந்தச் சொல் தீர்ப்பாகவே ஆகிவிடுகிறது. ஆனால் அந்த வலி பொய்யல்ல. பயம் வரும்போது உடல் செரிமானத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது, குடல் இறுகுகிறது, குமட்டல் எடுக்கிறது. பள்ளி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போனதும் ஆபத்து விலகிவிட்டதாக உடல் எடுத்துக்கொள்கிறது. வலி இறங்குகிறது. பத்து மணிக்குப் பசிப்பது அதனால்தான்.

அந்த நிம்மதிதான் இந்தக் கட்டுரையின் பொருள். பள்ளிக்குப் போக மறுக்கும் வளரிளம் பருவத்துப் பிள்ளையைப் பற்றி நாம் வழக்கமாகக் கேட்பது, “ஏன் போகமாட்டேன் என்கிறாள்?” என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை, பிள்ளைக்கே தெரிவதில்லை. போகாமல் இருப்பதால் அவளுக்கு என்ன கிடைக்கிறது, எதிலிருந்து அவள் தப்பிக்கிறாள் என்று கேட்டால் பதில் கிடைக்கும். அந்தப் பதிலை வைத்துத்தான் திரும்பி வருவதற்கான திட்டத்தைப் போட முடியும்.

இப்படிப்பட்ட பிள்ளைகளைக் ‘கட்’ அடிக்கிறவர்களோடு சேர்த்துப் பார்ப்பது பழைய வழக்கம். அமெரிக்காவில் பிராட்வின் 1932இலேயே இவர்கள் வேறு வகை என்று எழுதினார். 1941இல் அடிலெய்ட் ஜான்சனும் அவரோடு பணியாற்றியவர்களும் இதைப் பள்ளி அச்சம் என்று அழைத்தார்கள். 1969இல் இங்கிலாந்தில் இயன் பெர்க் குழுவினர் வகுத்த அடையாளங்கள் இன்றும் உதவுகின்றன: பிள்ளை வீட்டிலேயே இருக்கிறது, அது பெற்றோருக்குத் தெரியும், போகச் சொன்னால் கடுமையாகக் கலங்குகிறது, திருட்டு, ஊர்சுற்றல் போன்ற நடத்தைகள் இல்லை. கட் அடிக்கிற பையன் சீருடை போட்டுக் கிளம்பி எங்கோ போகிறான். இந்தப் பிள்ளை சீருடையையே போடமுடியாமல் உட்கார்ந்திருக்கிறது. மனநோய்களின் பட்டியலில் பள்ளி மறுப்பு என்ற பெயரில் தனி நோய் கிடையாது. பதற்றம், மனச்சோர்வு, கற்றல் குறைபாடு, வகுப்பறைக் கொடுமை என எதன் மேற்பரப்பிலும் அது தோன்றலாம்.

கேள்வியைத் திருப்பிப் போட்டவர்கள் அமெரிக்க உளவியலாளர்களான கிறிஸ்டபர் கியர்னியும் வெண்டி சில்வர்மனும். பள்ளியைத் தவிர்ப்பதால் நான்கு வகைப் பயன்கள் கிடைக்கலாம் என்றார்கள். முதலாவது, பள்ளியின் சத்தம், நெரிசல், பேருந்து, கழிப்பறை என்று பொதுவாகத் தொந்தரவு தரும் எதிலிருந்தோ விலகுவது. இரண்டாவது, பிறர் முன் பேசுவது, தேர்வு, பிறரின் கேலி என மதிப்பிடப்படும் இடங்களிலிருந்து தப்பிப்பது. மூன்றாவது, அம்மாவின் அருகாமையும் கவனமும். நான்காவது, பள்ளிக்கு வெளியே கிடைக்கும் இன்பங்கள். போன், தூக்கம், விளையாட்டு. முதல் இரண்டிலும் பிள்ளை ஒன்றிலிருந்து விலகி ஓடுகிறது. பின் இரண்டிலும் ஒன்றை நோக்கிப் போகிறது. 222 பிள்ளைகளை வைத்துக் கியர்னி 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிள்ளை எவ்வளவு நாள் விடுப்பெடுக்கிறது என்பதை, அதன் பயத்தின் அளவையோ சோர்வின் அளவையோ விட இந்தப் பயன்களே நன்றாக விளக்கின. ஆலோசகருக்கு இது நடைமுறையில் பெரிய உதவி. ஒரே வயிற்றுவலி, ஒரே அழுகை, ஒரே காலைச் சண்டை. ஆனால் பயன் வேறானால் செய்யவேண்டியதும் வேறு. கவனத்துக்காக வீட்டில் தங்கும் பிள்ளைக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்து ஒரு பலனும் இல்லை. மேடைப் பயத்தால் தங்கும் பிள்ளையிடமிருந்து போனைப் பறித்தால் மட்டும் போதாது.

இதை ஒரு பிள்ளையை வைத்துப் பார்ப்போம். இவள் தனி ஒரு மாணவி இல்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் வழக்கமாகக் காணும் கூறுகளைச் சேர்த்து, வடபழனிச் சூழலில் நான் வைத்துக் காட்டும் மாதிரி. ஒன்பதாம் வகுப்பு, வயது பதினான்கு. அப்பா சினிமாப் படப்பிடிப்பில் லைட்மேன். ஷூட்டிங் இருந்தால் விடியற்காலையில் கிளம்பிவிடுவார், எப்போது திரும்புவார் என்று சொல்லமுடியாது. அம்மா ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறார். வீட்டில் பாட்டி. எட்டாம் வகுப்பு வரை தெருவுக்குள்ளேயே இருந்த சிறு பள்ளியில் படித்தவள், ஜூன் மாதம் பெரிய பள்ளி ஒன்றில் சேர்ந்தாள். ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலை நடப்பதால் வேன் ஏழே காலுக்கே வந்துவிடுகிறது. ஜூலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விடுப்பு. ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலிருந்து முழுதாகப் போகவில்லை. வீட்டார் குழந்தை மருத்துவரிடம் காட்டினார்கள், திருஷ்டி கழித்தார்கள், முருகன் கோவிலில் வேண்டிக்கொண்டார்கள், கடைசியில் டிசி கேட்டார்கள். செப்டம்பர் நடுவில் பள்ளி முதல்வர் அம்மாவை உளவியல் ஆலோசகரிடம் அனுப்புகிறார்.

ஆலோசகர் முதலில் எடுக்கவேண்டியது வருகைப் பதிவேடு. முழு விடுப்புக்கு முந்தைய வாரங்களில்தான் தடயம் இருக்கும். ஜூலையில் இவள் வராத நாட்கள் ஒன்பது. அவற்றில் ஏழு செவ்வாயும் வியாழனும். அந்த வகுப்பின் கால அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த இரண்டு நாட்களிலும் ஆங்கில வகுப்பில் ஒவ்வொருவராக முன்னால் வந்து பேசும் ‘செமினார்’ இருக்கிறது. எந்த உளவியல் சோதனையும் இல்லாமலே இவ்வளவு தெரிந்துவிடுகிறது. மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் பதிவேட்டைக் கால அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் நம் பள்ளிகளில் வரவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்து ஒரு வாரத்துக் குறிப்பு. அம்மாவிடம் ஒரு நோட்டைக் கொடுத்து மூன்றே விஷயங்களை எழுதச் சொல்லவேண்டும்: வலி எப்போது தொடங்கியது, அதற்கு வீட்டில் யார் என்ன செய்தார்கள், பள்ளி நேரம் முழுவதும் அவள் என்ன செய்தாள். “மேடம், பத்து மணிக்கு மேல அவ நல்லாதான் இருக்கா. எனக்கே குழப்பமா இருக்கு” என்பார் அம்மா. குறிப்பைப் படித்தால் குழப்பம் குறைகிறது. சனிக்கிழமை வலி இல்லை. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குமேல் தொடங்குகிறது. பள்ளி நாட்களில் வேன் போனதும் பாட்டி வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறார், பக்கத்திலேயே உட்கார்ந்து தலையைத் தடவுகிறார். பதினொரு மணிக்கு அம்மாவின் பழைய போன் அவள் கைக்கு வருகிறது. மதியம் தூக்கம். இரவு ஒரு மணி வரை விழிப்பு. தொடங்கிவைத்தது செமினார், ஐந்து வாரமாகத் தொடரவைப்பது செமினார் மட்டுமில்லை.

மூன்றாவதாக, கியர்னி உருவாக்கி 2002இல் திருத்தி வெளியிட்ட பள்ளி மறுப்பு மதிப்பீட்டுப் படிவம். 24 கேள்விகள், ஒவ்வொரு பயனுக்கும் ஆறு. ‘ஒருபோதும் இல்லை’ என்பதற்கு 0, ‘எப்போதும்’ என்பதற்கு 6. பிள்ளைக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று. ஆறு கேள்விகளின் சராசரியை எடுத்து, இருவருடையதையும் கூட்டிப் பாதியாக்கினால் அந்தப் பயனின் மதிப்பெண் வரும். நம் பிள்ளை இரண்டாவது பயனுக்கு, அதாவது மதிப்பிடப்படும் இடங்களிலிருந்து தப்பிப்பதற்கு, 4.67 தருகிறாள், அம்மா 3.67. சராசரி 4.17. வீட்டின் இன்பங்களுக்கு அவள் 2.83 தருகிறாள், அம்மா 4.00, சராசரி 3.42. கவனத்துக்குச் சராசரி 3.25. பொதுத் தொந்தரவுகளுக்கு 2.42. கால் புள்ளிக்குள் இருக்கும் இரண்டைச் சமமாகவே எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது இந்தப் படிவத்தின் விதி. ஆகவே மூன்றும் நான்கும் இங்கே ஒரே அளவு, இரண்டாவதுதான் முதன்மை.

அம்மா நான்காவது பயனை மேலே வைக்கிறார், மகள் இரண்டாவதை. யார் சொல்வது சரி என்று ஆலோசகர் தீர்ப்பு சொல்லத் தேவையில்லை. அம்மா கண்ணுக்குத் தெரிவது வீட்டில் நடப்பது. மகள் உடலில் தெரிவது வகுப்பில் நடப்பது. படிவத்தைச் சத்தமாக வாசித்து, ஒவ்வொரு பதிலுக்கும் “எப்போ அப்படி ஆச்சு, ஒண்ணு சொல்லேன்” என்று கேட்டால்தான் எண்ணுக்குள் உயிர் வரும். அப்படிக் கேட்டபோதுதான் அவள் சொல்கிறாள்: “மிஸ், ‘ஸ்’ வரவேண்டிய இடத்துல ‘ஷ்’னு சொல்லிட்டேன். பின்னாடி பெஞ்சுல ஒரு வாரம் அதையே சொல்லிச் சிரிச்சாங்க.” இது எந்தக் கட்டத்திலும் அடங்காத தகவல். திட்டம் முழுக்க இதன்மேல்தான் நிற்கப்போகிறது.

ஊகத்தைச் சோதித்தும் பார்க்கலாம். ஒரு புதன்கிழமை, செமினார் இல்லாத நாளில், கடைசிப் பீரியடுக்கு மட்டும் வரச் சொல்லிப் பார்க்கலாம். வந்துவிட்டால் பள்ளிக் கட்டடமோ நெரிசலோ முதன்மைக் காரணம் இல்லை என்று புரியும். வாசல் வரைக்கும்கூட வரமுடியவில்லை என்றால் ஊகத்தை மாற்றவேண்டும். ஒரே நேர்காணலில் முடிவெடுத்துவிட்டு, பலிக்காத திட்டத்தை ஒரு மாதம் இழுக்கும் தவறு இதனால் தவிர்க்கப்படும்.

திட்டத்துக்குள் போகும் முன் கடக்கவேண்டிய ஒரு வாசல் இருக்கிறது. அதைக் கடக்காமல் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்தபோதுதான் உடன் படித்தவர்களின் சாதிக் கொடுமை வெளியே வந்தது. புகார் கொடுத்த பின், அவர் வீட்டுக்குள் புகுந்து அவரையும் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். அந்தப் பிள்ளையின் விடுப்பு நோயின் அறிகுறி அல்ல; நியாயமான தற்காப்பு. அங்கே திருத்தவேண்டியது பள்ளியை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் தமிழக அரசு நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது.

எனவே ஆலோசகர் பிள்ளையிடம் தனியாக, பெற்றோரும் ஆசிரியரும் இல்லாத அறையில், நேரடியாகவே கேட்கவேண்டும். யாராவது அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா, சாதி சொல்லிப் பேசுகிறார்களா, தொடக்கூடாத இடத்தில் தொட்டார்களா, போனில் படமோ செய்தியோ அனுப்பித் தொந்தரவு செய்கிறார்களா? பாலியல் குற்றம் என்று தெரியவந்தாலோ அப்படி நியாயமாகச் சந்தேகம் எழுந்தாலோ, 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். முதல்வர் சம்மதத்துக்காகக் காத்திருக்க முடியாது. சாக நினைத்ததுண்டா என்ற கேள்வியையும் தயங்காமல் கேட்கவேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருக்கிறது என்றால், படிப்படியான திட்டம் பின்னுக்குப் போய் மனநல மருத்துவம் முன்னுக்கு வரவேண்டும். எழுத்தில் தொடர்ந்து தடுமாறும் பிள்ளைக்குக் கற்றல் குறைபாட்டுச் சோதனை தேவை. அதைச் செய்யாமல் வகுப்பில் உட்காரவைத்தால் தினமும் அவமானத்தை அனுபவிக்கவைப்பதாகும்.

நம் மாணவிக்கு இவை எதுவும் இல்லை. பின் பெஞ்சுக் கேலி இருக்கிறது. அதை வகுப்பாசிரியர் தனியாக அழைத்துப் பேசி நிறுத்தவேண்டும், அவள் திரும்புவதற்கு முன்பே. இது முடியாமல் முதல் படி எடுக்கக்கூடாது.

அம்மாவின் விருப்பம், காலாண்டுத் தேர்வும் விடுமுறையும் முடிந்து அக்டோபரில் அனுப்பலாம் என்பது. இது கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் தவறு. விலகியிருக்கும் ஒவ்வொரு வாரமும் அந்த நிம்மதியை இன்னொரு முறை கற்பிக்கிறது. பாடமும் குவிகிறது. தோழிகளுக்கிடையே இடம் மாறிவிடுகிறது. முதல் இரண்டு வாரத்துக்குள் பல பிள்ளைகள் தாமாகவே திரும்பிவிடுகிறார்கள். அதைத் தாண்டினால் தானாகச் சரியாகும் என்று காத்திருப்பதில் பயனில்லை. தேர்வுக்கு முன் பத்துப் பள்ளி நாட்கள் இருக்கின்றன. அது போதும்.

முதல் மூன்று நாட்கள் பள்ளியே இல்லை, வீடு மட்டும். காலை ஆறு மணிக்கு எழுவது, குளிப்பது, சீருடை போடுவது, எட்டரைக்கு மேசையில் உட்கார்ந்து தோழியிடம் வாங்கிய நோட்டைப் பார்த்து எழுதுவது. பள்ளி விடும் நேரம் வரை போன், டிவி, பகல் தூக்கம் இல்லை. பாட்டியிடம் ஆலோசகரே பேசவேண்டும்: “அம்மா, ஒத்தடம் கொடுங்க, வேண்டாம்னு சொல்லல. சாயந்தரம் நாலு மணிக்கு மேல கொடுங்க. காலையில ஒரு வார்த்தை சொல்லிட்டு நகர்ந்துடுங்க.” பாட்டியின் அன்பைக் குறைக்கச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றச் சொல்கிறோம். இதைப் புரியவைக்காமல் ‘செல்லம் கொடுக்காதீர்கள்’ என்று மட்டும் சொல்லிவந்தால் மறுநாளே திட்டம் உடையும். தூக்க நேரம் மாறுவதற்கும் இந்த நாட்கள் தேவை. இரவு ஒரு மணிக்குத் தூங்குகிற பிள்ளைக்கு ஆறு மணி என்பது நள்ளிரவுதான்.

நான்காம் நாள் மாலை மூன்று மணிக்குச் சீருடையோடு பள்ளி வாசலுக்கு வந்து, வகுப்பாசிரியரைப் பத்து நிமிடம் நூலகத்தில் பார்த்துவிட்டு, எல்லாரும் வெளியே வரும்போது அவர்களோடு வெளியே போகிறாள். ஐந்து, ஆறாம் நாட்களில் கடைசி இரண்டு பீரியட்கள். அதன்பின் மதிய உணவுக்குப் பிறகு வரும் எல்லாப் பீரியட்களும். பிறகு மதிய உணவு நேரமும் சேர்கிறது. அதன்பின் பதினொரு மணி இடைவேளையிலிருந்து. கடைசியில் அசெம்பிளி.

பின்மதியத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. காலையில் உடல் மிகவும் கலங்கியிருக்கிறது. மாலையில் வந்தால் அந்தச் சண்டை இல்லை. முக்கியமாக, அவள் எல்லாரோடும் சேர்ந்து வெளியேறுகிறாள். நடுவில் பையைத் தூக்கிக்கொண்டு போகும் காட்சி இல்லை. காலையில் வந்து பத்து மணிக்குப் போவதாகத் திட்டமிட்டால், ஒவ்வொரு நாளும் தப்பித்துப் போவதாகவே முடியும். அம்மாவைப் பிரிவதே முதன்மையான சிக்கலாக உள்ள பிள்ளைக்கு இது பொருந்தாது. அந்தப் பிள்ளை காலையில் பிரிந்து பழகவேண்டும். மதியம் வரை காத்திருந்தால் காத்திருப்பே வேதனையாகும். ஆகவே எந்த முனையில் தொடங்குவது என்பதைப் பயன்தான் தீர்மானிக்கிறது. மதிய உணவு நேரத்தைப் பெரியவர்கள் எளிதென்று நினைக்கிறார்கள். பல பிள்ளைகளுக்கு அதுதான் மிகக் கடினம். யாரோடு உட்காருவது என்று தெரியாத நாற்பது நிமிடம். அந்த நாளில் ஒரு தோழியை முன்பே ஏற்பாடு செய்துவைக்கவேண்டும்.

திட்டம் முழுவதிலும் ஒரே ஒரு விதியை விட்டுக்கொடுக்கக்கூடாது. குறித்த நேரத்துக்கு முன் வீட்டுக்குப் போவதில்லை. பயம் உச்சத்தில் இருக்கும்போது வெளியேறினால், வெளியேறியதால்தான் பயம் தணிந்தது என்று உடல் கற்றுக்கொள்ளும். நாளைக்கு அது இன்னும் உயரும். இருந்தால் இருபது முப்பது நிமிடத்தில் அது தானாக இறங்குவதை அவளே பார்ப்பாள். வாசலில் நுழையும்போது பயம் பத்துக்கு எவ்வளவு என்று ஒரு எண், இருபது நிமிடம் கழித்து இன்னொரு எண். ஒரு சின்ன அட்டையில் அவளே எழுதட்டும். ஒன்பது என்று நுழைந்து ஐந்து என்று முடித்த நாட்கள் நான்கைந்து சேர்ந்தால், எந்த அறிவுரையும் தேவைப்படாத ஆதாரம் அவள் கையிலேயே இருக்கும். வயிற்றுவலி வந்தால் நோயாளி அறையில் பதினைந்து நிமிடம் படுக்கலாம், பிறகு வகுப்பு. 100 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல், அடிக்கடி வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு இவை இருந்தால் மட்டும் வீடு. இதை எழுதி அம்மா, ஆலோசகர், வகுப்பாசிரியர், பள்ளி நர்ஸ் நால்வரும் ஒரே தாளில் கையெழுத்திடவேண்டும். நால்வரில் ஒருவர் இரக்கப்பட்டு அம்மாவுக்குப் போன் செய்தாலும் பத்து நாள் உழைப்பு வீணாகும்.

செமினாரை என்ன செய்வது? ‘அவள் பேசவேண்டாம், விட்டுவிடுங்கள்’ என்று நிரந்தர விலக்குக் கொடுப்பது கருணையாகத் தெரியும். ஆனால் அவள் எதற்காக வீட்டில் தங்கினாளோ அதையே பள்ளி தானாக முன்வந்து கொடுப்பதாகும். ஆகவே விலக்குக்கு ஒரு முடிவுத் தேதி வேண்டும். அதுவரை ஒரு தனி ஏணி. முதல் வாரம் ஆங்கில ஆசிரியரிடம் மட்டும் ஐந்து வரி வாசிப்பு. பிறகு இரண்டு தோழிகள் முன். பிறகு வகுப்பில் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கேள்விக்குப் பதில். பிறகு எழுந்து நின்று. கடைசியில் முன்னால் வந்து ஒரு நிமிடம். நடுவில் வேண்டுமென்றே ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லிவிட்டுத் தொடரும் பயிற்சியும் உண்டு. தப்பாகச் சொன்ன பிறகும் வகுப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது என்பதை அவள் கண்ணால் பார்க்கவேண்டும். காலாண்டுத் தேர்வில் முதல் இரண்டு தாள்களை ஆலோசகர் அறையில் எழுதுகிறாள், மூன்றாவதைத் தேர்வுக்கூடத்தின் கடைசி வரிசையில், மீதியை அவள் இடத்தில்.

தவறுகள் எங்கே நடக்கும் என்பதும் அநேகமாக முன்கூட்டியே தெரியும். முதல் நாள் வகுப்பில் யாரோ ஒரு ஆசிரியர், “என்னம்மா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?” என்று கேட்பார். அவருக்குத் தீய எண்ணம் இருக்காது. ஆனால் மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும், அவள் பயந்தது அதுவேதான். அவள் வரும் நாளுக்கு முன் எல்லாப் பாட ஆசிரியர்களிடமும் ஒரே வரி சொல்லிவைக்கவேண்டும்: தினமும் வருகிற பிள்ளைபோல நடத்துங்கள். தோழிகள் கேட்பதற்கு ஒரு பதிலையும் பயிற்சி செய்துவைக்கவேண்டும்: “உடம்பு சரியில்ல, இப்ப பரவாயில்ல.” அது பொய்யும் அல்ல. காலையில் அப்பா ஷூட்டிங் போய்விட்ட நாட்களில் அம்மா தனியாகத் தள்ளாடுவார். அதற்குப் பக்கத்து வீட்டு அக்காவோ சித்தியோ வரும் ஏற்பாடு தேவை. வீட்டில் மிரட்டலும் கெஞ்சலும் மாறிமாறி நடந்தால் பிள்ளை அதையும் கற்றுக்கொள்கிறது. சுருக்கமாக, ஒரே தொனியில், ஒரே வாக்கியம் போதும்.

இடைவெளிகள்தான் பெரிய எதிரி. காலாண்டு விடுமுறை முடிந்த திங்கள்கிழமை இவள் வாசல்வரை வந்து நின்றுவிடுகிறாள். அவளை வீட்டுக்குத் திருப்பக்கூடாது, வகுப்புக்குள் இழுத்துப்போகவும் கூடாது. நூலகத்தில் ஒரு பீரியட், பிறகு மூன்றாம் பீரியடிலிருந்து வகுப்பு. ஒரு படி தோற்றால் தொடக்கத்துக்கே போகாமல் அரைப்படி மட்டும் இறங்கவேண்டும். சென்னையில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்கவேண்டும். அக்டோபர் பின்பாதியிலிருந்து டிசம்பர் வரை மழை விடுமுறைகள் முன்னறிவிப்பின்றி வரும். டிவியில் விடுமுறை அறிவிப்பு வந்ததும் இப்பிள்ளைகள் அடையும் நிம்மதி மறுநாளைக் கடினமாக்கும். எனவே மழை விடுமுறையிலும் எழும் நேரமும் மேசை நேரமும் மாறாது, மறுநாள் வேனை நம்பாமல் பெரியவர் ஒருவர் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று செப்டம்பரிலேயே எழுதிவைப்பது நல்லது.

முன்னேற்றத்தை அளக்க, வாரத்துக்கு எத்தனை பீரியட்கள் இருந்தாள் என்ற கணக்கு ஒன்று போதும். முதல் வாரம் நாற்பதில் நான்கு, அடுத்த வாரம் பதினொன்று என்று ஏறுகிறதா என்று பாருங்கள். ஒரு படியைக் குறித்த நாட்களில் முடித்தால் அடுத்தது. இரண்டு வாரம் ஒரே படியில் நின்றுவிட்டால், பயனைப் பற்றிய ஊகம் தவறாக இருக்கலாம், அல்லது அடியில் மனச்சோர்வு இருக்கலாம். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கோ தனியார் குழந்தை மனநல மருத்துவரிடமோ அனுப்பவேண்டிய நேரம் அது. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் இரவிலும் தமிழில் பேசலாம்.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. 1998இல் சிந்தியா லாஸ்ட் குழுவினர் 56 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு அறிவாற்றல்–நடத்தைச் சிகிச்சையும், மற்றவர்களுக்குப் பயத்தைப் பற்றிப் பேசி விளக்கும் ஆதரவு வகுப்பும் கொடுத்தார்கள். இரு சாராருமே திரும்பினார்கள், பெரிய வேறுபாடில்லை. ஒரு பெரியவர் தொடர்ந்து அக்கறையோடு கவனிப்பதே பாதி வேலையைச் செய்கிறது என்பது என் புரிதல். பின்னாளில் பிராண்டி மேனார்ட் குழுவினர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இத்தகைய சிகிச்சைகளால் வருகை கூடுவது தெரிந்தது, பதற்றம் அதே வேகத்தில் குறைந்ததாகத் தெரியவில்லை. இதைப் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடவேண்டும். பயம் போன பிறகு பள்ளி என்று காத்திருந்தால் வருடம் போய்விடும். பள்ளி முதலில், பயம் பின்னால் மெதுவாகக் குறையும். நவம்பரில் முழுநாளும் வரும் இந்தப் பிள்ளைக்கு வியாழக்கிழமை காலையில் வயிறு பிசையத்தான் செய்யும். அது தோல்வி இல்லை என்று அவளுக்கும் அம்மாவுக்கும் தெரிந்திருந்தால் போதும்.

பள்ளி மாற்றுவதைப் பற்றி ஒரு சொல். கேலி செய்யும் குழுவோ, அடிக்கும் ஆசிரியரோ அந்தப் பள்ளியோடு போய்விடும் காரணம் என்றால் டிசி வாங்குவது சரியே. காரணம் பலர் முன் பேசும் பயம் என்றால், அது புதுப் பள்ளிக்கும் கூடவே வரும். அங்கே தோழிகளும் இருக்கமாட்டார்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்க 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அந்தப் பாதுகாப்பு இல்லை. சிபிஎஸ்இ பள்ளியென்றால் பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். ஒன்பதில் கவனிக்காமல் விடப்பட்ட பிள்ளை பத்தில் தேர்வெழுதும் தகுதியை இழப்பது இப்படித்தான்.

பள்ளி முதல்வர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆலோசகரிடம் ஒரு அறையும் நாற்காலியும் மட்டும் கொடுத்துவிட்டு, பிள்ளையைச் சரிசெய்யச் சொல்லாதீர்கள். ஒரு பிள்ளையை மதியம் ஒன்றரைக்கு உள்ளே விடவும், ஒரு தேர்வைத் தனியறையில் எழுதவைக்கவும், ஒரு செமினாரைத் தள்ளிவைக்கவும், வகுப்பில் நடக்கும் கேலியை ஒரு ஆசிரியரிடம் பேசி நிறுத்தவும் அவருக்கு அதிகாரம் கொடுங்கள். வாசல் காவலரிடம் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிவையுங்கள். தாமதமாக வந்ததற்காக அவர் நிறுத்திவைத்த ஐந்து நிமிடத்தில் எத்தனையோ பிள்ளைகள் திரும்பிப் போயிருக்கிறார்கள்.